சனி இரவில் தொடங்கிய வேலை ஞாயிறுக்குப் போகாது

சனிக்கிழமை இரவு 9.48-க்கு வாசலில் இருக்கும் கருவியில் விரலை வைக்கிறார் ஒரு தொழிலாளி. சென்னைக்கு வெளியே வாகன உதிரிபாகம் செய்யும் ஆலை என்று வைத்துக்கொள்வோம். அங்கே மூன்று ஷிப்ட்: காலை 6 முதல் மதியம் 2 வரை ‘ஏ’, 2 முதல் இரவு 10 வரை ‘பி’, இரவு 10 முதல் காலை 6 வரை ‘சி’. இவருக்கு ‘சி’ ஷிப்ட். காலை 6 மணிக்கு மாற்ற வேண்டிய ஆள் வரவில்லை. மெஷினை நிறுத்த முடியாது என்று சூப்பர்வைசர் சொல்ல, இவரே நின்று ஓட்டுகிறார். ஞாயிறு காலை 10.07-க்கு மறுபடி விரலை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்.

மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நிற்கிறார்.

“சார், அந்த சனிக்கிழமை ஓ.டி. வரலையே?”

“வந்திருக்கேப்பா. சிஸ்டத்துல ஏழு நிமிஷம் காட்டுது.”

சனி இரவு முழுக்க நின்று, ஞாயிறு பத்து மணி வரை ஓட்டியதற்கு ஏழு நிமிடம். டைம் ஆபீஸ்காரர் பொய் சொல்லவில்லை. சிஸ்டமும் கூட்டல் கழித்தலில் தவறவில்லை. நள்ளிரவு 12 மணியானதும் அது தேதியை மாற்றியது, தேதியோடு சேர்த்து இவருடைய உழைப்பையும் இரண்டாக வெட்டிவிட்டது. எந்த மணி எந்த நாளுக்குச் சொந்தம் என்பதில்தான் இந்தக் கணக்கின் சிக்கல் எல்லாம் இருக்கிறது.

முதலில் வெட்டாமல் கணக்கிடுவோம். உள்ளே வந்தது 9.48 என்றாலும் ஷிப்ட் தொடங்குவது 10 மணிக்கு. முன்கூட்டி வந்த 12 நிமிடம் உடை மாற்றவும் தண்ணீர் குடிக்கவும் போனது என்றால் பொதுவாக அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் 9.50-க்கே மெஷின் பக்கம் வந்து முந்தைய ஷிப்டிடம் சார்ஜ் எடுக்க வேண்டும் என்று ஆலையே சொல்லியிருந்தால், அந்தப் பத்து நிமிடமும் வேலைதான். அது இலவசச் சேவை என்று நினைக்கிற ஆலைகள் உண்டு, நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். இந்த உதாரணத்தில் அப்படி எதுவும் இல்லை, 10 மணியில் இருந்தே எடுப்போம்.

மணியையும் நிமிடத்தையும் தனித்தனியாகக் கழித்துக் கடன் வாங்கினால் தலை சுற்றும். எல்லாவற்றையும் நிமிடமாக்கிவிட்டால் சுலபம். நள்ளிரவில் இருந்து எண்ணினால் இரவு 10 மணி என்பது 1,320-வது நிமிடம். காலை 10.07 என்பது 607-வது நிமிடம். 607-இல் இருந்து 1,320-ஐக் கழிக்க முடியாது. வெளியே போன நேரம் உள்ளே வந்த நேரத்தைவிடச் சின்னதாக இருந்தால் நடுவில் ஒரு நள்ளிரவு கடந்திருக்கிறது என்று அர்த்தம். எனவே ஒரு நாளின் 1,440 நிமிடத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 2,047 கழித்தல் 1,320, விடை 727 நிமிடம். அதாவது 12 மணி 7 நிமிடம்.

இதில் ஓய்வு நேரத்தைக் கழிக்க வேண்டும். அரை மணி நேரமாவது ஓய்வு தராமல் தொடர்ந்து ஐந்து மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்பது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். இவருக்கு இரவு 2 மணிக்கு அரை மணி, காலை 6 மணிக்கு டிபனுக்கு அரை மணி கிடைத்தது. 727-இல் 60 போக 667 நிமிடம், 11 மணி 7 நிமிடம். கழிக்கும்போது ஓர் எச்சரிக்கை: உண்மையிலேயே எடுத்த ஓய்வைத்தான் கழிக்கலாம். ஆள் இல்லாததால் மெஷின் பக்கத்திலேயே நின்று இரண்டு இட்லியை வாயில் போட்டுக்கொண்டவருக்கு, சிஸ்டம் தானாக அரை மணியைக் கழித்தால் அது உழைப்பைக் கழித்ததாகும். பல மென்பொருள்களில் இந்தக் கழிப்பு கேட்காமலேயே நடக்கிறது.

அந்தச் சட்டத்தின் 59-ஆவது பிரிவுப்படி ஒரு நாளில் 9 மணிக்கு மேலோ, ஒரு வாரத்தில் 48 மணிக்கு மேலோ வேலை செய்தால், கூடுதல் நேரத்துக்குச் சாதாரண விகிதத்தைப் போல இரண்டு மடங்கு தர வேண்டும். 11 மணி 7 நிமிடத்தில் 9 மணி போக, 2 மணி 7 நிமிடம் ஓ.டி. இதுதான் சரியான விடை.

ஏழு நிமிடம் எங்கிருந்து வந்தது? சிஸ்டம் நள்ளிரவில் கத்தி வைத்தது. சனிக்கிழமை தேதியில் இரவு 10 முதல் 12 வரை, 2 மணி. ஞாயிறு தேதியில் 12 முதல் 10.07 வரை, ஓய்வு போக 9 மணி 7 நிமிடம். சனிக்கணக்கில் விழுந்த 2 மணி தனியாக நின்று 9-ஐத் தொடவில்லை. ஞாயிறு 9-ஐத் தாண்டியது வெறும் ஏழு நிமிடம். ஒரே மூச்சில் செய்த வேலை இரண்டு சின்ன வேலைகளாகிவிட்டது.

இப்படி ஆகும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. சட்டத்தில் ‘நாள்’ என்பது நள்ளிரவில் தொடங்கும் 24 மணி நேரம்தான். ஆனால் ஷிப்ட் நள்ளிரவைத் தாண்டுகிறவருக்கு 57-ஆவது பிரிவு தனி வழி காட்டுகிறது. நள்ளிரவுக்குப் பிறகு அவர் செய்த மணிகளை முந்தைய நாளோடு சேர்க்க வேண்டும். அவருடைய மறுநாள் என்பது அந்த ஷிப்ட் முடியும் நேரத்தில் இருந்து தொடங்கும் 24 மணி. ஆக, இவருக்கு ஞாயிறு காலை 10.07 வரை சனிக்கிழமைதான்.

இந்த விதியின் இன்னொரு பாதியைப் பலரும் கவனிப்பதில்லை. வார விடுமுறையும் ஷிப்ட் முடிந்த நேரத்தில் இருந்து தொடர்ச்சியான 24 மணி நேரமாக இருக்க வேண்டும். இவருடைய விடுமுறை ஞாயிறு காலை 10.07-க்குத் தொடங்கித் திங்கள் காலை 10.07-க்கு முடிகிறது. “ஞாயிறு பகல் முழுக்க லீவு கொடுத்தோமே” என்று சொல்லி ஞாயிறு இரவு 10 மணிக்கே மறுபடி கூப்பிட்டால், அவருக்குக் கிடைத்தது 12 மணி நேரம் கூட இல்லை. தூங்கி எழுவதற்குள் அது முடிந்துவிடும்.

இங்கே வார எல்லையும் குறுக்கே வருகிறது. தொழிற்சாலைகள் சட்டத்தில் வாரம் என்பது சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கும் ஏழு நாள். நம்மவர் வேலை செய்துகொண்டிருந்தபோதே பழைய வாரம் முடிந்து புது வாரம் தொடங்கிவிட்டது. தேதியை மட்டும் பார்க்கும் சிஸ்டம் 9 மணி 7 நிமிடத்தை அடுத்த வாரக் கணக்கில் எழுதும். முந்தைய நாளோடு சேர்த்தால் அவை முடிந்த வாரத்துக்கே சேரும்.

அந்த வாரத்தையும் கூட்டிப் பார்க்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து இரவும் 10 முதல் 6 வரை, ஓய்வு போக நாளுக்கு ஏழரை மணி, மொத்தம் 37 மணி 30 நிமிடம். சனி இரவின் 11 மணி 7 நிமிடத்தையும் சேர்த்தால் 48 மணி 37 நிமிடம். வார வரம்பைத் தாண்டியது 37 நிமிடம். நாள் கணக்கில் ஏற்கெனவே 2 மணி 7 நிமிடம் இருக்கிறது. இரண்டையும் கூட்டிக் கேட்பது சரியில்லை, ஏனென்றால் அந்த 37 நிமிடம் அந்த 2 மணி 7 நிமிடத்துக்குள்ளேயே அடங்கியது. நாள்படி வந்ததை நீக்கிவிட்டால் வாரத்தில் மிஞ்சுவது 46 மணி 30 நிமிடம், 48-க்குக் குறைவு. எனவே இந்த வாரத்துக்கு 2 மணி 7 நிமிடம் மட்டுமே.

தலைகீழான வாரமும் உண்டு. தினமும் எட்டரை மணி நேரம் வேலை, ஆறு நாள். எந்த நாளும் 9-ஐத் தொடவில்லை, ஆகவே நாள் கணக்கில் ஓ.டி. பூஜ்யம். ஆனால் வாரக் கூட்டல் 51 மணி. மூன்று மணி நேரம் இரட்டைச் சம்பளம் வர வேண்டும். நாள்தோறும் ஓ.டி. கட்டத்தில் பூஜ்யம் இருப்பதைப் பார்த்து யாரும் கேட்பதில்லை. அதிகமாகக் காணாமல்போவது இந்த மூன்று மணிதான் என்பது என் எண்ணம்.

இனி ரூபாய்க்கு வருவோம். சாதாரண விகிதம் என்றால் அடிப்படைச் சம்பளத்தோடு படிகளும் சேர்ந்தது, போனஸும் ஓ.டி.யும் அதில் சேராது. அடிப்படையை மட்டும் எடுத்து இரண்டால் பெருக்கினால் அது இரட்டைச் சம்பளம் ஆகாது. நம்மவருக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 15,600 ரூபாய் என்று வைப்போம். வேலை நாள் 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 600, எட்டால் வகுத்தால் மணிக்கு 75. இரட்டிப்பு 150 ரூபாய், அதாவது நிமிடத்துக்கு இரண்டரை ரூபாய். 127 நிமிடத்துக்கு 317 ரூபாய் 50 காசு. சிஸ்டம் காட்டிய ஏழு நிமிடத்துக்கு 17 ரூபாய் 50 காசு. நள்ளிரவில் வெட்டியதற்கு விலை சரியாக 300 ரூபாய், ஒரே இரவில். 26-க்குப் பதிலாக 30-ஆல் வகுக்கும் ஆலையில் மணி விகிதம் 75-இல் இருந்து 65-க்கு இறங்கிவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிமிடக் கணக்கை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் புள்ளி. 2 மணி 45 நிமிடத்தை நாம் எல்லோரும் 2.45 என்றுதான் எழுதுகிறோம். அதை அப்படியே கால்குலேட்டரில் 150-ஆல் பெருக்கினால் 367 ரூபாய் 50 காசு வரும். உண்மையில் 45 நிமிடம் முக்கால் மணி, எனவே 2.75-ஆல் பெருக்க வேண்டும். வர வேண்டியது 412 ரூபாய் 50 காசு. ஒரே புள்ளியில் 45 ரூபாய் போயிற்று. கையால் ரெஜிஸ்டர் எழுதும் சின்ன யூனிட்களில், நாள்களின் 8.45, 9.20, 8.50 எல்லாவற்றையும் சாதாரண எண்ணாகக் கூட்டி மாதக் கணக்கு போடுவதுண்டு. கூட்டலின் விடையில் புள்ளிக்குப் பின்னால் 60-க்கு மேல் ஓர் எண் நின்றால் அங்கே இந்தப் பிழை நடந்திருக்கிறது என்று உடனே சொல்லிவிடலாம்.

விரல் வைக்கும் கருவி பக்கம் வேறு ஒரு கூத்து நடக்கிறது. கருவி தன்னளவில் எதையும் கணக்கிடுவதில்லை. இந்த ஆள், இந்தத் தேதி, இந்த நேரம் என்று வரிசையாக எழுதி வைக்கிறது, அவ்வளவுதான். எது உள்ளே, எது வெளியே என்று ஜோடி சேர்ப்பது மென்பொருள். எளிய மென்பொருள்கள் ஒரு தேதியின் முதல் பஞ்சை ‘இன்’ என்றும் கடைசிப் பஞ்சை ‘அவுட்’ என்றும் எடுக்கின்றன. பகல் ஷிப்டுக்கு இது போதும். நம்மவரின் சனிக்கிழமை தேதியில் இருந்தவை இரண்டு பஞ்ச்: வெள்ளி இரவு ஷிப்டை முடித்துவிட்டுக் காலை 6.04-க்கு வைத்தது, மறுபடி இரவு 9.48-க்கு வைத்தது. அப்படிப்பட்ட மென்பொருள் 6.04-க்கு வந்து 9.48-க்குப் போனார் என்று படித்து, 15 மணி 44 நிமிடம் வேலை செய்ததாகக் காட்டும். வீட்டில் தூங்கிய பகல் வேலையாகிவிடும், உழைத்த இரவு காணாமல்போகும். ஞாயிறு தேதியில் 10.07 மட்டும் தனியாக நின்று ‘மிஸ் பஞ்ச்’ ஆகும்.

நைட் ஷிப்ட் வாரத்தின் அறிக்கையில் நாள்தோறும் 15, 16 மணி நேரம் வருவதும், வாரத்தின் முதல் நாளிலும் கடைசி நாளிலும் ஒற்றைப் பஞ்ச் நிற்பதும் இந்தக் கோளாறின் அடையாளம். பெரிய எண்ணைப் பார்த்து டைம் ஆபீஸ் பயந்துபோய், எல்லா நாளையும் “8 மணி” என்று கையால் திருத்திவிடும். அதோடு உண்மையான ஓ.டி.யும் அழிந்துவிடும். சில இடங்களில் பிழை எதிர்த்திசையில் போகும்: ஞாயிறு விடுமுறை என்று பதிந்திருப்பதால், அன்று விழுந்த 9 மணி 7 நிமிடம் முழுவதையும் விடுமுறை நாள் வேலையாக எடுத்து இரட்டிப்பு போட்டுவிடும். இரண்டு மாதம் கழித்து ஆடிட்டில் கண்டுபிடித்து, “அதிகமாகப் போட்டது” என்று சம்பளத்தில் பிடிப்பார்கள்.

இதற்கு மென்பொருள்காரர்கள் செய்யும் வழக்கமான மருந்து, ‘சி’ ஷிப்ட் ஆட்களுக்கு நாளின் எல்லையை நள்ளிரவில் இருந்து மதியம் 12-க்கு நகர்த்துவது. மதியத்துக்கு முன் வைத்த பஞ்ச் எல்லாம் முந்தைய தேதிக்குப் போகும். பெரும்பாலான இரவுகளுக்கு இது வேலை செய்யும். ஆனால் ‘சி’ ஷிப்ட் முடிந்து ‘ஏ’ ஷிப்டையும் சேர்த்து ஓட்டிவிட்டு ஒருவர் மதியம் 2.10-க்கு வெளியே போனால், அந்தப் பஞ்ச் எல்லைக்கு அப்பால் விழுந்து புது நாள் ஆகிவிடும். எந்த எல்லையை வைத்தாலும் அதைத் தாண்டி உழைக்கும் ஓர் ஆள் ஒருநாள் வருவார். ஷிப்ட் எந்தத் தேதியில் தொடங்கியதோ அந்தத் தேதியோடு ‘இன்’ பஞ்சைக் கட்டி, அடுத்து வரும் ‘அவுட்’டை அதே ஷிப்டோடு சேர்ப்பதுதான் உறுதியான வழி.

சின்ன யூனிட் நடத்துகிறவர்கள் எக்செலிலேயே இதைச் செய்துகொள்ளலாம். எக்செல் ஒரு முழு நாளை 1 என்றும் நேரத்தை அதன் பின்னமாகவும் வைத்திருக்கிறது. 10.07-இல் இருந்து இரவு 10-ஐக் கழித்தால் விடை எதிர்மறையாகி, கட்டம் முழுக்க ######## வரும். MOD அதைச் சரிசெய்கிறது. எதிர்மறை வந்தால் ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளும். கணக்கில் எடுக்கும் தொடக்க நேரம் A2-வில், வெளியே போன நேரம் B2-வில், ஓய்வு நிமிடம் C2-வில் இருந்தால், D2, E2, F2 கட்டங்களில் வரிசையாக இவை:

```
=ROUND(MOD(B2-A2,1)*1440,0)-C2
=MAX(0,D2-540)
=E2*2.5
```

A2-வில் 22:00, B2-வில் 10:07, C2-வில் 60 போட்டால் D2-வில் 667, E2-வில் 127, F2-வில் 317.5 வர வேண்டும். 540 என்பது 9 மணியின் நிமிடங்கள், 2.5 நம்மவருடைய நிமிட விகிதம், அதை ஆளுக்குத் தக்கபடி மாற்றுங்கள். இந்த வழிக்கும் ஒரு வரம்பு உண்டு. MOD-க்குத் தேதி தெரியாது, ஆகவே 24 மணி நேரத்தைத் தாண்டிய இடைவெளியில் ஒரு முழு நாளை விழுங்கிவிடும். தேதியையும் நேரத்தையும் ஒரே கட்டத்தில் சேர்த்து எழுதிவிட்டால் MOD-ஏ வேண்டாம், நேராகக் கழித்தால் போதும். இடம் இருந்தால் அப்படியே செய்யுங்கள். நிமிடமாக மாற்றாமல் நேரமாகவே வாரத்தைக் கூட்டுகிறவர்கள் கட்டத்தின் வடிவத்தை [h]:mm என்று வைக்க வேண்டும். சாதாரண h:mm வடிவத்தில் 24 மணி ஆனதும் கடிகாரம் போல மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். நம்மவருடைய வாரத்தின் 48 மணி 37 நிமிடம் வெறும் 0:37 ஆகத் தெரியும்.

அரை மணிக்குக் குறைந்ததைத் தள்ளிவிடும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2 மணி 7 நிமிடத்தை 2 மணி என்று எடுக்கிறவர்கள் 2 மணி 25 நிமிடத்தையும் 2 மணி என்றே எடுப்பார்கள். முழுமையாக்குவது என்றால் பாதிக்கு மேல் உயர வேண்டும், பாதிக்குக் கீழ் இறங்க வேண்டும். எப்போதும் இறங்கிக்கொண்டே இருப்பதை முழுமையாக்குவது என்று சொல்ல முடியாது. கருவி நிமிடம் வரை எழுதி வைக்கிறபோது நிமிடம் வரை கொடுப்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை.

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவற்றில் பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம் பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒரு நாளின் வேலையை 8 மணி என்கிறது. இரட்டைச் சம்பளமும் அதில் உண்டு. எத்தனை மணிக்கு மேல் ஓ.டி. என்பதை விதிகளுக்கு விட்டுவிட்டு, நாள் கணக்கா வாரக் கணக்கா என்றால் தொழிலாளிக்கு எது சாதகமோ அதை எடுக்கச் சொல்கிறது. 8 மணிக்கு மேல் ஓ.டி. என்று வைத்தால் நம்மவருடைய சனி இரவு 3 மணி 7 நிமிடமாகும், 467 ரூபாய் 50 காசு. மேலே எழுதிய சூத்திரத்தில் 540-க்குப் பதில் 480 போட வேண்டும், அவ்வளவே. வரம்பு மாறியிருக்கிறது, நள்ளிரவு விதி மாறவில்லை. நள்ளிரவுக்குப் பிந்தைய மணிகள் முந்தைய நாளுக்கே என்பது புதிய தொகுப்பிலும் அதே பொருளில் இருக்கிறது.

நைட் ஷிப்ட் பார்க்கிறவர்கள் சம்பளச் சீட்டு வந்ததும் டைம் ஆபீஸில் தங்கள் பஞ்ச் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாதம் முழுவதையும் சரிபார்க்க நேரம் இல்லாவிட்டால் வார விடுமுறைக்கு முந்தைய இரவை மட்டுமாவது பாருங்கள். அந்த ஒரு வரியில் மணி இரண்டாக வெட்டப்பட்டிருந்தால், மற்ற எல்லா வாரங்களிலும் வெட்டப்பட்டிருக்கும்.